இன்டர்வியூவில் கேட்காமல் விட்ட கேள்வியை மறுநாள் எப்படிக் கேட்பது?

கேள்வி: நேற்று மாலை சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் டெக்னிக்கல் ரவுண்ட் முடித்தேன். எனக்கு ஆறு வருட ஜாவா அனுபவம். நன்றாகத்தான் போனது. கடைசியில் மேனேஜர் "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்றபோது "எல்லாம் தெளிவா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டேன். பெரம்பூருக்குத் திரும்பி வரும் வழியில்தான் இரண்டு விஷயம் கேட்கவே இல்லை என்று உறைத்தது. வேலை நேரம் என்ன? புது டெவலப்மென்டா, பழைய சிஸ்டத்துக்கு சப்போர்ட்டா? பையன் யுகேஜி படிக்கிறான், அதனால் நேரம் எனக்கு முக்கியம். கிளையன்ட் நியூஜெர்சி, பழைய பில்லிங் சிஸ்டத்தைப் புதியதற்கு மாற்றுகிறோம் என்று மட்டும் சொன்னார்கள். அடுத்து ஹெச்ஆர் ரவுண்ட் இருக்குமாம். இப்போது மெயிலில் கேட்டால் தயாராகாமல் வந்தவள் என்று நினைத்துவிடுவார்களா?

பதில்:

கேளுங்கள். ஆனால் இரண்டையும் ஒரே மெயிலில் போட்டு மேனேஜருக்கு அனுப்பாதீர்கள். வேலை எப்படிப்பட்டது என்ற கேள்வி மேனேஜருக்கு, இன்றே, நன்றி மெயிலோடு போகட்டும். வேலை நேரம், ஷிப்ட், கேப் எல்லாம் ஹெச்ஆர் ரவுண்டுக்கு உரியவை. அதை நீங்கள் விட்டுவிடவே இல்லை, கேட்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

நான் பல வருடங்களாக இன்டர்வியூ பேனலில் உட்கார்ந்து வருகிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பயம் பாதி குறையும். பெரும்பாலான கம்பெனிகளில் பேனலில் இருப்பவர் உங்களைப் பற்றிய கருத்தை அன்று மாலையோ மறுநாள் காலையோ ஹெச்ஆர் போர்ட்டலில் பதிந்துவிடுவார். கோடிங் எப்படி, பழைய புராஜெக்ட்டைப் பற்றி ஆழமாகச் சொல்ல முடிந்ததா, டீமோடு ஒத்துப்போவாரா, எடுக்கலாமா வேண்டாமா என்பதைத்தான் அதில் எழுதுவோம். கடைசி ஐந்து நிமிடத்தில் கேள்வி கேட்கவில்லை என்பதற்காக மட்டும் நன்றாகப் பேசிய ஒருவரை வேண்டாம் என்று எழுதியதை நான் பார்த்ததில்லை. அதேபோல், மறுநாள் வந்த அழகான மெயிலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றதை வேணும் என்று மாற்றியதையும் பார்த்ததில்லை. ஆகவே இந்த மெயிலின் வேலை உங்களைத் தேர்ந்தெடுக்க வைப்பது இல்லை. உங்களுக்குத் தெரிய வேண்டியதைத் தெரிந்துகொள்வதுதான். அந்த நினைப்போடு எழுதினால் மொழியும் இயல்பாக வரும்.

சரி, தயாராகாமல் வந்தவர் என்ற எண்ணம் எப்போதுதான் வருகிறது? கேள்வி தாமதமாக வந்ததால் வருவதில்லை. கேள்வி எங்கிருந்து வந்திருக்கிறது என்பதைப் பார்த்து வருகிறது. "உங்கள் கம்பெனி என்னென்ன செய்கிறது?", "டீமில் என்ன டெக்னாலஜி பயன்படுத்துகிறீர்கள்?" என்று ஒரு மெயில் வந்தால், வெப்சைட்டையும் வேலை விளம்பரத்தையும் படிக்கவில்லை என்று தெரிந்துவிடும். முதல் நாளே இன்டர்வியூவில் சொன்ன ஒன்றை மறுநாள் கேட்டால் இன்னும் மோசம், கவனிக்கவில்லை என்று ஆகிவிடும். நீங்கள் எழுதிய கேள்வியை வேறு பத்து கம்பெனிக்கும் ஒரு எழுத்து மாற்றாமல் அனுப்ப முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் அனுப்ப வேண்டாம். நேற்று அந்த அறையில் பேசியதைக் கேட்ட ஒருவர்தான் இதைக் கேட்டிருக்க முடியும் என்று இருந்தால், அது ஒரு நாள் கழித்து வந்தாலும் யோசித்துவிட்டுக் கேட்ட கேள்வியாகத்தான் தெரியும்.

உங்களுக்கு அதற்குத் தேவையானது கையிலேயே இருக்கிறது. பழைய பில்லிங் சிஸ்டத்தைப் புதியதற்கு மாற்றுகிறோம் என்று அவரே சொல்லியிருக்கிறார். "புது டெவலப்மென்டா, சப்போர்ட்டா?" என்று மொட்டையாகக் கேட்டால் "ரெண்டும் இருக்கும்" என்று ஒரு வரி வரும், அதை வைத்து நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. அதோடு, சப்போர்ட் வேலை பிடிக்காதவர் என்று ஒரு குறிப்பும் அவர் மனதில் விழும். ஆனால் இந்த மாதிரி மாற்றத்தில் என்ன நடக்கும் என்று ஆறு வருட அனுபவத்தில் உங்களுக்குத் தெரியும். பில்லிங் சிஸ்டத்தை ஒரே இரவில் மாற்ற மாட்டார்கள். சில மாதங்களுக்குப் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும். வாடிக்கையாளர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். இரண்டு பக்கமும் வரும் பில் தொகை ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு சுழற்சியிலும் பார்க்க வேண்டும். ஒத்துப்போகாதபோது யாரோ ஒருவர் பழைய கோடுக்குள் இறங்கித் தேட வேண்டும். அந்த யாரோ ஒருவர் நீங்களா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி.

அதனால் கேள்வியை இப்படி வையுங்கள்: இரண்டு சிஸ்டமும் சேர்ந்து ஓடும் காலத்தில் பழைய பக்கத்தை அதே டீம்தான் பார்த்துக்கொள்கிறதா, அதற்குத் தனி டீம் இருக்கிறதா? நான் சேரும் இடம் எந்தப் பக்கம்? இதற்கு மேனேஜர் ஒரே வரியில் பதில் சொல்லலாம். அந்த ஒரு வரியிலேயே உங்கள் முதல் வருடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். பழையதுக்குத் தனி டீம் இருந்தால் பெரும்பாலும் புது வேலை. "ஒரே டீம்தான், எல்லாரும் ரெண்டையும் பார்ப்போம்" என்றால் மாற்றம் முடியும்வரை கணிசமான பங்கு சப்போர்ட். "புதுசா வர்றவங்க முதல்ல பழசைக் கத்துக்கணும்" என்று வந்தால், ஆரம்ப மாதங்கள் முழுக்கப் பழைய கோடுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மெயில். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், நான் உள்ளடக்கத்தைத் தமிழில் தருகிறேன். முதலில், பலரும் எழுதும் விதம்:

"வணக்கம் சார். நேற்று நேரம் ஒதுக்கியதற்கு மிக்க நன்றி. பதற்றத்தில் சில கேள்விகளைக் கேட்க மறந்துவிட்டேன், மன்னிக்கவும். வேலை நேரம் என்ன? ஷிப்ட் உண்டா? வீட்டிலிருந்து வேலை செய்யலாமா? புது டெவலப்மென்டா சப்போர்ட்டா? டீமில் எத்தனை பேர்? உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்."

இதில் எந்தக் கேள்வியும் தப்பில்லை. ஆனால் ஐந்துக்கும் பதில் எழுத மேனேஜருக்குக் கால் மணி நேரம் ஆகும், அதனால் அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவைப்பார், பதிலே வராது. மூன்று கேள்விகள் அவருடையவையே இல்லை, ஹெச்ஆர்தான் சொல்ல வேண்டும். அதற்கும் மேல், மறந்துவிட்டேன், பதற்றம், மன்னிக்கவும் என்று மூன்று தடவை நீங்களே உங்களைத் தயாராகாதவராகக் காட்டிக்கொடுக்கிறீர்கள். அவர் அப்படி நினைத்திருக்கவே மாட்டார். ஒன்றை விட்டுவிட்டீர்கள் என்பது அவருக்குத் தேவையில்லாத தகவல். அதைச் சொல்லாமல் விடுவதில் பொய் எதுவும் இல்லை.

இனி உங்களுக்கு நான் சொல்வது:

"வணக்கம். நேற்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. பழைய பில்லிங் சிஸ்டத்திலிருந்து புதியதற்கு மாறுவது பற்றி நீங்கள் சொன்னதை மேலும் யோசித்தேன். என் இப்போதைய புராஜெக்ட்டில் ஒரு மாட்யூலை இப்படி மாற்றியபோது, இரண்டு பக்கத் தொகையையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைத் தேடுவதுதான் அதிக நேரம் எடுத்த வேலை. அதையொட்டி ஒரு கேள்வி: இரண்டும் சேர்ந்து ஓடும் காலத்தில் பழைய சிஸ்டத்தை இதே டீம் பார்த்துக்கொள்கிறதா, தனி டீம் இருக்கிறதா? இந்தப் பொறுப்பில் சேருபவர் எந்தப் பக்கம் அதிகம் இருப்பார் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும். வசதிப்படும்போது சொன்னால் போதும், அடுத்த ரவுண்டில் பேசினாலும் சரி."

"என் இப்போதைய புராஜெக்ட்டில்" என்று தொடங்கும் வாக்கியத்தில் இருக்கும் அனுபவம் உங்களுடையதாக இருக்க வேண்டும். நான் எழுதியதை அப்படியே போடாதீர்கள். அப்படி ஒரு மாற்ற வேலையை நீங்கள் செய்ததே இல்லை என்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு நேரே கேள்விக்குப் போங்கள். அடுத்த ரவுண்டில் அதைப் பற்றியே தோண்டுவார்கள், அப்போது நிற்க முடியாது. கடைசி வாக்கியம் மரியாதைக்காக மட்டும் இல்லை. மெயிலில் எழுதத் தயங்கும் விஷயம் என்றால் நேரில் சொல்ல அவருக்கு வழி கிடைக்கிறது. பதில் வராவிட்டாலும், அடுத்த ரவுண்டில் அதே கேள்வியை எடுக்க உங்களுக்கும் வழி திறந்திருக்கிறது.

நீளத்தைப் பொறுத்தவரை, மொபைலில் திறந்தால் ஒரே திரையில் முடிய வேண்டும். மேனேஜர்கள் பலரும் இதை மீட்டிங்குக்கு நடுவில் போனில்தான் பார்ப்பார்கள். புது சப்ஜெக்ட் போட்டுப் புது மெயில் ஆரம்பிக்க வேண்டாம். இன்டர்வியூ நேரத்தை உறுதிசெய்து வந்த மெயில் இருக்குமே, அதற்கே பதிலாக அனுப்புங்கள். உங்கள் பெயர், எந்தப் பொறுப்பு, எந்த நாள் எல்லாம் கீழேயே இருக்கும். ஒரே வாரத்தில் நிறையப் பேரைப் பார்த்தவருக்கு நீங்கள் யார் என்று நினைவுபடுத்த அதுவே போதும்.

மேனேஜரின் மெயில் முகவரி தெரியாது என்பீர்கள். சென்னையில் நேரில் கூப்பிடும் இன்டர்வியூக்களில் பெரும்பாலும் ஹெச்ஆர் பெயர் மட்டும்தான் நம்மிடம் இருக்கும். காலண்டர் அழைப்பு வந்திருந்தால் அதில் யார் யாரைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள், சில சமயம் பேனலில் இருந்தவர் முகவரியும் தெரியும். தெரிந்தால் அவருக்கு எழுதி ஹெச்ஆரை நகலில் வையுங்கள். தெரியாவிட்டால் ஹெச்ஆருக்கே எழுதி, மேலே ஒரு வரி: "நேற்று பேசிய மேனேஜருக்கு இதை அனுப்பிவைக்க முடியுமா?" இது சாதாரணமாக நடப்பதுதான். பெயரையும் கம்பெனி முகவரியின் வால் பகுதியையும் சேர்த்து நீங்களாகவே ஒரு முகவரியை ஊகித்து அனுப்ப வேண்டாம். அன்று மாலையே லிங்க்ட்இனில் தேடிப் பிடித்துக் கேள்வியோடு மெசேஜ் போடவும் வேண்டாம். சிலர் அதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள், ஆனால் ஹெச்ஆரைத் தாண்டிப் போனதாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. உங்களுக்கு அது தேவையே இல்லை.

கன்சல்டன்சி மூலம் போயிருந்தால் கதை வேறு. அப்போது கம்பெனி உங்களிடம் நேரடியாகப் பேசாது, கன்சல்டன்ட் வழியாகத்தான் எல்லாம். அவருக்கு போன் செய்யுங்கள், வாய்மொழியாகச் சொல்லிவிட்டு விடாமல், கேள்வியை இரண்டு வரியில் எழுதி அவருக்கே மெயில் அனுப்புங்கள். வாய்வழியாகப் போனால், "பழைய சிஸ்டம் யார் பார்க்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்டது "கேண்டிடேட்டுக்கு சப்போர்ட் வேண்டாமாம்" என்று அந்தப் பக்கம் போய்ச் சேரும். இதை நான் பேனலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

ஹெச்ஆர் உங்களோடு வாட்ஸ்அப்பில் பேசுகிறார் என்றால், நேரம் இடம் சம்பந்தப்பட்டதற்கு அதையே பயன்படுத்தலாம். வேலையைப் பற்றிய கேள்வியை மட்டும் மெயிலில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் போனது மேனேஜருக்குப் போய்ச் சேராது, பின்னால் தேடி எடுப்பதும் கஷ்டம்.

எப்போது அனுப்புவது? இன்று மதியத்துக்குள். நேற்று பேசியது அவருக்கு நினைவில் இருக்கும்போதே போய்விட வேண்டும். வெள்ளி மாலை இன்டர்வியூ முடித்தவர்கள் திங்கள் காலை அனுப்பலாம். நான்கைந்து நாள் ஆகிவிட்டது என்றால் தனி மெயில் வேண்டாம், அடுத்த ரவுண்டின் ஆரம்பத்தில் கேட்பதே மேல். "போன ரவுண்டில் சிஸ்டம் மாற்றம் பற்றிச் சொன்னார்கள், அதில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்" என்று தொடங்கினால் இயல்பாக இருக்கும்.

இனி உங்களுக்கு நெஞ்சில் கனமாக இருக்கும் விஷயம், நேரம். பெரம்பூரிலிருந்து சோழிங்கநல்லூர் என்பது நகரத்தின் வட பகுதியிலிருந்து தென் முனை. ஓஎம்ஆரில் மெட்ரோ வேலையும் நடக்கிறது. போகவர எவ்வளவு ஆகும் என்று நேற்றே பார்த்திருப்பீர்கள். இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. பையனைப் பற்றிச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்பது இல்லை. எல்லாருக்கும் உரிய கேள்வி இது.

ஆனால் "ஷிப்ட் உண்டா?" என்று கேட்காதீர்கள். "ஜெனரல் ஷிப்ட்தான் மேடம்" என்று பதில் வரும், அது உண்மையாகவும் இருக்கும், அதனால் பயனும் இருக்காது. காலை பத்து முதல் மாலை ஏழு என்று ஆஃபர் லெட்டரில் இருக்கும், கிளையன்ட் கால் மட்டும் ராத்திரியில் இருக்கும். நியூஜெர்சி என்று அவர்கள் சொன்னதை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். அமெரிக்காவின் கிழக்குக் கரையை விட நாம் கோடையில் ஒன்பதரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். அங்கே காலை 9 மணிக்கு ஒரு கால் வைத்தால் நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. அவர்கள் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. ஆகவே கோடையில் ஏழு மணிக்கு முடிந்த கால் நவம்பரில் எட்டு மணிக்கு முடியும். அங்கே பத்தரை மணிக்கு வைத்தால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 9. இந்த ஒரு மணி நேரம்தான் பையனைத் தூங்க வைக்கும் நேரம்.

இதைத் தெரிந்துகொண்டு ஹெச்ஆரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "நியூஜெர்சி டீமோடு தினமும் பேசும் நேரம் நம் நேரப்படி எத்தனை மணி? நவம்பரில் அது ஒரு மணி நேரம் தள்ளிப் போகுமா? அந்தக் கால் வீட்டிலிருந்து எடுக்கலாமா, ஆபீஸில் இருக்க வேண்டுமா?" மூன்றாவது கேள்விதான் பலருக்கு வாழ்க்கையை மாற்றும். இரவு எட்டு மணி கால் வீட்டிலிருந்து என்றால் ஒரு விதம். அதே கால் ஆபீஸில் முடிந்த பிறகு அங்கிருந்து பெரம்பூருக்குக் கிளம்புவது என்றால் முற்றிலும் வேறு. இந்தக் கேள்வியைக் கேட்பவரை யாரும் வேலைக்குத் தயங்குகிறவர் என்று நினைக்க மாட்டார்கள். அமெரிக்க டீமோடு வேலை செய்து பழகியவர் என்றுதான் நினைப்பார்கள். ஹெச்ஆருக்குப் பதில் தெரியாமலும் இருக்கலாம். "மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றால் நல்லது, சரியான ஆளிடம் கேள்வி போய்ச் சேர்கிறது.

இதையே இன்று மேனேஜருக்கு எழுதினால் என்ன என்று தோன்றலாம். எழுதலாம், ஆனால் ஒரு கேள்விதான் போக வேண்டும் என்பதால் நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலையின் தன்மையை ஹெச்ஆரால் சொல்லவே முடியாது. நேரத்தை ஹெச்ஆர் கேட்டாவது சொல்ல முடியும். அதனால்தான் இந்தப் பிரிவு. உங்களுக்கு ஹெச்ஆர் ரவுண்ட் இல்லை, நேற்றோடு எல்லாம் முடிந்தது என்று இருந்தால் நான் மாற்றிச் சொல்லியிருப்பேன். அப்போது நியூஜெர்சி கால் நேரம்தான் மேனேஜருக்குப் போக வேண்டிய கேள்வி.

கேப் பற்றியும் ஹெச்ஆரிடம் தயங்காமல் கேளுங்கள். இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலையில் வைத்திருக்கும் நிறுவனங்கள் எழுத்துபூர்வ சம்மதம் வாங்க வேண்டும், போக்குவரத்து ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசின் நிபந்தனைகளே இருக்கின்றன. அதனால் அவர்களுக்கு இது பழகிய கேள்வி. "கேப் இருக்கா?" என்பதோடு நிறுத்தாமல், "பெரம்பூர் வரை வருமா, எத்தனை மணிக்கு மேல் கிளம்பினால் கிடைக்கும்?" என்று கேளுங்கள். கேப் உண்டு என்று சொல்லிவிட்டு, குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டும் என்று சேர்ந்த பிறகு தெரியவரும் இடங்கள் இருக்கின்றன. வடசென்னைக்காரர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

சம்பளம், லீவு, வேரியபிள் பே பற்றி ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதையும் ஹெச்ஆர் ரவுண்டுக்கே வையுங்கள். இன்றைய மெயிலில் ஒரு வரிகூட வேண்டாம்.

பதில் வராமல் போனால்? பல நேரம் வராது. அதை உங்களைப் பற்றிய முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்டர்வியூ நடக்கும் கட்டத்தில் கேண்டிடேட்டோடு ஹெச்ஆர் மட்டும்தான் எழுத்தில் பேச வேண்டும் என்று சில கம்பெனிகளில் மேனேஜர்களுக்கே சொல்லிவைத்திருப்பார்கள். இரண்டாவது மெயில் அனுப்பி நினைவூட்ட வேண்டாம். ஹெச்ஆர் ரவுண்டில் "மேனேஜருக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தேன், சேருவதற்கு முன் அவரோடு பத்து நிமிடம் பேச முடியுமா?" என்று கேளுங்கள். ஆஃபர் தர முடிவெடுத்துவிட்ட கம்பெனி இதற்குப் பெரும்பாலும் ஏற்பாடு செய்யும். அந்தக் கட்டத்தில் நீங்கள் வராமல் போய்விடக்கூடாது என்பது அவர்களுக்கும் முக்கியம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு உண்மையான கடைசித் தேதி, இப்போதைய கம்பெனியில் பேப்பர் போடும் நாள். ஆஃபர் கையில் வந்த பிறகு கேட்டாலும் தாமதம் இல்லை. பேப்பர் போட்ட பிறகு கேட்டால்தான் தாமதம். இரண்டு மூன்று மாத நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது "தினமும் இரவு ஒன்பது வரை ஆபீஸில் இருக்க வேண்டும்" என்று தெரிய வந்தால் திரும்பிப் போக இடம் இருக்காது. ஆஃபர் வந்ததும் ஏற்றுக்கொள்ளப் பல இடங்களில் சில நாள்தான் தருவார்கள். சந்தோஷத்தில் உடனே ஏற்றுக்கொண்டு விடாமல், அந்த நேரத்தில் இந்த இரண்டையும் முடித்துவிடுங்கள். "ஆஃபருக்கு நன்றி, ஏற்றுக்கொள்ளும் முன் இரண்டு விஷயம் உறுதிசெய்துகொள்ள விரும்புகிறேன்" என்று அப்போது கேட்பவரை யாரும் தயாராகாதவர் என்று சொல்ல மாட்டார்கள்.

வரும் பதிலில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. "புராஜெக்ட்டைப் பொறுத்தது", "ஃப்ளெக்சிபிளா இருக்கணும்", "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று வந்தால் அது பதில் இல்லை. அதை வைத்துச் சண்டை போடவும் வேண்டாம், நல்ல அர்த்தம் கற்பித்துக்கொள்ளவும் வேண்டாம். கேள்வியைச் சின்னதாக்கித் திரும்பக் கேளுங்கள்: "இப்போது அந்த டீமில் இருப்பவர்கள் சாதாரணமாக எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள்?" நாளைக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால் நழுவ முடியும், இன்று எப்படி இருக்கிறது என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதற்கும் நழுவினால் இரவு நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

பெரும்பாலும் இந்தப் பதில்கள் போனில்தான் வரும். "கால் ஏழரைக்கு முடிஞ்சிடும், அதை வீட்டிலிருந்தே எடுத்துக்கலாம், கேப் பெரம்பூர் வரை வரும்" என்று ஹெச்ஆர் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அவரே மூன்று மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். அதனால் போனை வைத்ததும், ஆஃபர் வந்த அதே மெயிலுக்குப் பதிலாக நான்கு வரி எழுதிவிடுங்கள்: "இன்று போனில் தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. நான் புரிந்துகொண்டது: நியூஜெர்சி கால் நம் நேரப்படி இரவு 7.30க்குள் முடியும், நவம்பரில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், அதை வீட்டிலிருந்து எடுக்கலாம், 8 மணிக்கு மேல் கிளம்பினால் பெரம்பூர் வரை கேப் உண்டு. ஏதாவது தவறாக இருந்தால் சொல்லுங்கள்." அதற்கு "ஆமாம்" என்று ஒரு வார்த்தை பதில் வந்தாலும் அதை உங்கள் சொந்த மெயிலில் பத்திரமாக வைத்துக்கொண்டு, அப்புறம் பேப்பர் போடுங்கள்.